தொட்டி நிரம்ப 48 விநாடியா, 20 நிமிடமா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகனின் பயிற்சித்தாளைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். நான்காவது கணக்கு. பென்சிலில் இருப்பது அவன் போட்டது. 48 விநாடி என்று வருகிறது. ஆசிரியர் சுழித்துவிட்டார், ஆனால் சரியான விடையை எழுதவில்லை. நான் போட்டுப் பார்த்தால் 20 நிமிடம் வருகிறது. தாள் மடிந்த இடத்தில் தொட்டியின் ஆழம் 1.4 என்று இருக்கிறதா, 14 என்று இருக்கிறதா என்றும் தெரியவில்லை. எது சரி? சரிதான் என்று நாங்களே எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

சரியான விடை 80 நிமிடம், அதாவது 1 மணி 20 நிமிடம். அவனுடைய வழியும் சரி, உங்களுடையதும் அநேகமாகச் சரிதான். இருவரும் ஆளுக்கு ஓரிடத்தில் மட்டும் தவறியிருக்கிறீர்கள். அந்த இடங்கள் எவை என்பதை விடைகளே காட்டிக்கொடுக்கின்றன. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் படத்தைச் சரியாகப் படிக்க வேண்டும்.

பெரிதாக்கிப் பார்த்ததில் நான் படித்தது இது: “உள்விட்டம் 7 செ.மீ உள்ள குழாய் வழியாக மணிக்கு 6 கி.மீ வேகத்தில் தண்ணீர் பாய்கிறது. ஒரு வீட்டின் தரைக்கு அடியில் உள்ள 5.5 மீ நீளம், 4 மீ அகலம், 1.4 மீ ஆழம் கொண்ட காலியான கனச்செவ்வகத் தொட்டியை அது எவ்வளவு நேரத்தில் நிரப்பும்? π = 22/7 எனக் கொள்க.”

மங்கலான தாளில் எண்ணை ஊகித்துவிட்டு உடனே கணக்கில் இறங்கினால், கடைசி வரி வரை தவறான எண்ணோடுதான் போவோம். ஆகவே அந்தப் புள்ளியை முதலில் தீர்த்துக்கொள்வோம். ஆழம் 14 மீட்டர் என்றால், ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தாலும், நாலரை மாடி உயரத்துக்கு வீட்டின் அடியில் பள்ளம் தோண்டியிருக்க வேண்டும். வீட்டுத் தொட்டியை யாரும் அப்படிக் கட்டுவதில்லை. 1.4 மீட்டர் என்றால் ஒரு பெரியவரின் மார்பளவுக்குச் சற்று மேலே. ஆள் இறங்கிக் கழுவக்கூடிய சம்ப்புக்கு அது இயல்பான ஆழம். இன்னொரு தடயமும் இருக்கிறது. தாளில் மற்ற நீளங்கள் 5.5, 4 என்று மீட்டரில், ஒற்றை இலக்க அளவில் நிற்கின்றன. அவற்றோடு பொருந்துவது 1.4தான். இருந்தாலும் நாளை வகுப்பில் இன்னொரு பையனின் தாளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எண்களோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு சொல்லும் இருக்கிறது: “உள்விட்டம்”. ஆரம் அல்ல, விட்டம். பிள்ளைகளிடம் நான் அந்தச் சொல்லின் அடியில் கோடு போடச் சொல்வேன். கோடு போட்ட கையோடு, பக்கத்திலேயே “ஆரம் = 3.5 செ.மீ” என்று எழுதிவிட வேண்டும். பிறகு எழுதலாம் என்று விட்டால் சூத்திரத்தில் கைப்பழக்கமாக 7 ஏறிவிடும்.

இப்போது கணக்கின் மையம். குழாய்க்கு வேகம் கொடுத்திருக்கிறார்கள், தொட்டிக்குக் கன அளவு தெரியும். கி.மீட்டரில் உள்ள வேகத்தையும் கன மீட்டரில் உள்ள கொள்ளளவையும் எப்படி இணைப்பது? பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், ஆனால் ஏன் பெருக்கினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்படி நினைத்துப் பாருங்கள். குழாயின் வாயருகே நிற்கிறோம். மணிக்கு 6 கி.மீ என்றால் 60 நிமிடத்தில் 6000 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 மீட்டர். இப்போது வாயைத் தாண்டி வெளியே வரும் ஒரு துளி, ஒரு நிமிடத்துக்கு முன்னால் குழாய்க்குள் 100 மீட்டர் பின்னால் இருந்தது. அந்தத் துளிக்கு முன்னால் இருந்த தண்ணீர் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. ஆகவே ஒரு நிமிடத்தில் தொட்டிக்குள் விழுவது, 7 செ.மீ தடிமனும் 100 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தண்ணீர் உருளை. உருளையின் கன அளவு நமக்குத் தெரியும். வேகம் இங்கே உருளையின் உயரமாக மாறிவிடுகிறது. இந்தப் படம் மனதில் நின்றுவிட்டால் குழாய்க் கணக்குகள் எல்லாமே ஒரே கணக்குதான்.

அலகுகளைப் பார்ப்போம். குழாய் செ.மீட்டரில், தொட்டி மீட்டரில், வேகம் கி.மீட்டரில், நேரம் மணியில் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மீட்டருக்கும் நிமிடத்துக்கும் கொண்டுவருவோம். நிமிடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம், 6 கி.மீ அழகாக 100 மீட்டராக மாறுவதுதான். விநாடிக்குப் போனால் 1.666 என்று முடியாத தசமம் வந்து தொந்தரவு செய்யும்.

மாற்றும்போது நான் பிடிவாதமாகச் சொல்லும் ஒன்று உண்டு: நீளத்தை முதலிலேயே மாற்றிவிடுங்கள், பரப்பு கண்ட பிறகு மாற்றாதீர்கள். 3.5 செ.மீ என்பதை 0.035 மீ என்று எழுதிவிட்டு, அதன் பிறகு வர்க்கப்படுத்துங்கள். நீளத்தை மாற்ற 100ஆல் வகுத்தால் போதும். அது எல்லாருக்கும் தெரியும். பரப்பை மாற்றும்போதுதான் 100ஆ, 10,000ஆ என்ற குழப்பம் வருகிறது.

குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு:

π × ஆரம்² = 22/7 × 0.035 × 0.035 = 0.00385 சதுர மீட்டர்

ஒரு நிமிடத்தில் விழும் தண்ணீர்:

0.00385 சதுர மீ × 100 மீ = 0.385 கன மீட்டர்

தொட்டியின் கன அளவு:

5.5 மீ × 4 மீ × 1.4 மீ = 30.8 கன மீட்டர்

நிரம்ப ஆகும் நேரம்:

30.8 ÷ 0.385 = 80 நிமிடம் = 1 மணி 20 நிமிடம்

ஒவ்வொரு வரியிலும் அலகை விடாமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கடைசி வரியில் கன மீட்டரை, “நிமிடத்துக்கு இத்தனை கன மீட்டர்” என்பதால் வகுக்கிறோம். கன மீட்டர் மேலும் கீழும் அடிபட்டு நிமிடம் மட்டும் மிஞ்சுகிறது. கேட்டது நேரம், மிஞ்சியதும் நேரம். ஒருவேளை மாற்றி வகுத்திருந்தால் விடை “ஒரு நிமிடத்தில் ஒரு பங்கு” என்ற வடிவில் வந்திருக்கும். அலகைப் பார்த்தவுடனே தலைகீழாகப் போட்டுவிட்டோம் என்று தெரிந்துவிடும்.

விடை வந்துவிட்டது. அது சரியா என்று பார்ப்பதற்கு, போட்ட வழியையே மறுபடி போட்டுப் பார்ப்பது பயன்படாது. முதல் முறை வழுக்கிய இடத்தில் இரண்டாம் முறையும் வழுக்குவோம். உங்கள் வீட்டிலேயே அது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு மூன்று தடவை போட்டும் அவனுக்கு 48தான் வந்திருக்கும். வேறு பக்கத்திலிருந்து வந்து பார்க்க வேண்டும். மூன்று விதமாகப் பார்க்கலாம்.

முதலாவது, லிட்டருக்கு மாற்றிக் கண்ணால் பார்ப்பது. ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். மொட்டைமாடியில் வைக்கிறோமே, ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டி, அதுதான் ஒரு கன மீட்டர். ஆகவே நம் சம்ப்பு 30,800 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட முப்பத்தோரு மாடித் தொட்டிகள். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் இரண்டரை லாரி. குழாயோ 7 செ.மீ விட்டம், மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. வீட்டில் இருக்கும் எவர்சில்வர் டம்ளரின் வாயகலம்தான். டம்ளர் வாயளவு குழாய் இரண்டரை லாரித் தண்ணீரை 48 விநாடியில் கொட்டுமா? அப்படியானால் விநாடிக்கு 640 லிட்டர்; ஒரு மாடித் தொட்டி ஒன்றரை விநாடியில் நிரம்பிவிட வேண்டும். இதைக் கேட்டவுடன் உங்கள் மகனே தலையாட்டி மறுத்துவிடுவான். 80 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 385 லிட்டர். ஒரு மாடித் தொட்டிக்கு இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த அளவுக் குழாய்க்கு இது நம்பக்கூடியது.

ஆனால் இந்தப் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் 20 நிமிடத்தை இது தள்ளிவிடாது. நிமிடத்துக்கு 1540 லிட்டர் என்றால் அதிகம்தான், ஆனால் பெரிய குழாய்களைப் பார்த்துப் பழக்கமில்லாத ஒருவருக்கு அது அதிகம் என்று சட்டென்று தோன்றாது. நூறு மடங்குப் பிழையைக் கண் பிடித்துவிடும், நாலு மடங்குப் பிழையை விட்டுவிடும். அதற்கு இரண்டாவது வழி வேண்டும்.

இரண்டாவது, விடையிலிருந்து பின்னோக்கி வருவது. 20 நிமிடம் சரி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 100 மீட்டர் வீதம் 20 நிமிடத்தில் 2000 மீட்டர் நீளமுள்ள தண்ணீர் உருளை வந்திருக்கும். அதன் கன அளவு 0.00385 × 2000 = 7.7 கன மீட்டர். தொட்டி கேட்பது 30.8. நாலில் ஒரு பங்குதான் நிரம்பியிருக்கிறது. இப்போது 80 நிமிடத்தை வைத்துப் பார்த்தால் 8000 மீட்டர் உருளை, 0.00385 × 8000 = 30.8. விளிம்பு வரை நிரம்பிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்னோக்கி வரும்போது பரப்பைப் புதிதாகக் கண்டால்தான் இது சோதனை. முதலில் போட்ட பரப்பையே தூக்கிக்கொண்டு வந்தால், அதிலுள்ள பிழையும் கூடவே வந்து, எந்த விடையும் சரி என்றே தோன்றும். பரப்பை மறுபடி காண ஒரு குறுக்குவழி சொல்கிறேன். ஒரு வட்டத்தை அணைத்து ஒரு சதுரம் வரைந்தால், வட்டம் அந்தச் சதுரத்தில் ஐந்தில் நாலு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். துல்லியமாகச் சொன்னால் π/4, அதாவது சுமார் 0.785. நம் குழாய்க்கு அணைக்கும் சதுரம் 7 × 7 = 49 சதுர செ.மீ. அதில் ஐந்தில் நாலு பங்கு ஏறக்குறைய 39. நாம் கண்டது 38.5 சதுர செ.மீ. பொருந்துகிறது. இந்த வழியில் விட்டத்தை நேராகப் பயன்படுத்துவதால், ஆரமா விட்டமா என்ற குழப்பத்துக்கே இடமில்லை. உங்கள் 20 நிமிடக் கணக்கில் பரப்பு 154 சதுர செ.மீ என்று வந்திருக்கும் என்பது என் ஊகம். அணைக்கும் சதுரமே 49தான் இருக்கும்போது, உள்ளே இருக்கும் வட்டம் 154 ஆக முடியாது.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. இதில் தொட்டியின் மொத்தக் கன அளவே தேவையில்லை. தொட்டியின் தரைப்பரப்பு 5.5 × 4 = 22 சதுர மீட்டர். ஒரு நிமிடத்தில் விழும் 0.385 கன மீட்டர் தண்ணீர் இந்தத் தரை முழுவதும் பரவினால் எவ்வளவு உயரம் ஏறும்? 0.385 ÷ 22 = 0.0175 மீட்டர், அதாவது 1.75 செ.மீ. நிமிடத்துக்கு ஒன்றே முக்கால் செ.மீ மட்டம் ஏறுகிறது. 140 செ.மீ ஏற 140 ÷ 1.75 = 80 நிமிடம். விரலால் சுவரில் அளந்து பார்ப்பது போல இருக்கிறது இந்தக் கணக்கு. சம்ப்பு நிரம்புவதை மேலிருந்து எட்டிப் பார்த்திருக்கும் எந்தப் பிள்ளைக்கும் இது உடனே புரியும்.

இப்போது உங்கள் இருவரின் விடைகளுக்கு வருகிறேன். தவறான விடையைச் சரியான விடையோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு விலகியிருக்கிறது என்று பார்த்தால், பிழையின் பெயர் தெரிந்துவிடும்.

80 நிமிடம் என்பது 4800 விநாடி. உங்கள் மகனின் விடை 48 விநாடி. சரியாக 100 மடங்கு. 100 என்ற எண்ணைப் பார்த்தவுடன் செ.மீ, மீ மாற்றம்தான் காரணம் என்று புரிகிறது. அவனது பென்சில் வரிகளில் பரப்பு 38.5 சதுர செ.மீ என்று சரியாகவே கண்டிருக்கிறான், ஆரம் 3.5 என்று பிரித்ததும் சரி. அடுத்த வரியில் அதை 100ஆல் வகுத்து 0.385 சதுர மீ என்று எழுதியிருக்கிறான். ஒரு மீட்டருக்கு 100 செ.மீ என்பதால் ஒரு சதுர மீட்டருக்கும் 100 சதுர செ.மீ என்று எடுத்துக்கொண்டான். இது கவனக்குறைவு அல்ல. புரிதலில் உள்ள ஓட்டை. திட்டினால் அடையாது. தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் சதுரம் போட்டு, அதன் ஒரு மூலையில் ஒரு செ.மீ கட்டம் வரையச் சொல்லுங்கள். ஒரு வரிசைக்கு நூறு கட்டம், அப்படி நூறு வரிசை, ஆக 10,000. அதைக் கண்ணால் பார்த்த பிள்ளை மறுபடி 100ஆல் வகுப்பதில்லை. அதே தரையில் அந்த 0.385 சதுர மீட்டரையும் காட்டலாம். அது 62 செ.மீ பக்கமுள்ள சதுரம். ஓர் ஆள் உட்காரும் நாற்காலியின் இருக்கையைவிடப் பெரியது. டம்ளர் வாயளவு குழாய்க்கு அந்தப் பரப்பு வராது. விடை வரை காத்திருக்காமல், இரண்டாவது வரியிலேயே பிழையைப் பிடித்திருக்கலாம்.

உங்கள் விடை 20, சரியான விடை 80. நாலு மடங்கு. உங்கள் வழியை நீங்கள் அனுப்பவில்லை. ஆனால் வட்டம் வரும் கணக்கில் நாலு மடங்கு என்றால் பெரும்பாலும் ஆரத்தின் இடத்தில் விட்டத்தைப் போட்டதுதான். இரண்டு மடங்கு நீளம், வர்க்கப்படுத்தும்போது நாலு மடங்கு பரப்பு. குழாய் நாலு மடங்கு பெரிதாகிவிட்டதால் நேரம் நாலில் ஒன்றாகிவிட்டது. அலகு மாற்றத்தை நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள், அவன் ஆரத்தைச் சரியாகப் பிரித்திருக்கிறான். உங்கள் இருவரின் சரியான வரிகளையும் சேர்த்தால் முழுக் கணக்கும் வந்துவிடுகிறது.

பிழை 60 மடங்காக இருந்திருந்தால் மணி, நிமிடம் மாற்றத்தைப் பார்த்திருப்பேன். 22/7 மடங்கு, அதாவது மூன்றுக்குச் சற்று மேல் என்றால் π விடுபட்டிருக்கும். வகுப்பில் தாள் திருத்தும்போது ஆசிரியர்கள் மனதுக்குள் செய்வது இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். π = 3.14 என்று போட்டால் விடை 80.07 நிமிடம் வரும். 80 நிமிடத்தைவிட நான்கு விநாடி கூடுதல். அதைப் பார்த்துத் தவறு என்று அழித்துவிட வேண்டாம். 22/7 என்பதே ஒரு தோராய மதிப்பு. உண்மையான π-ஐவிட மிகச் சிறிதளவு அதிகம். தாளில் 22/7 என்று கொடுத்திருப்பதால் அதையே பயன்படுத்த வேண்டும். 7, 3.5, 1.4 போன்ற எண்கள் வந்தால் 22/7 அடிபடும்படி கணக்கை அமைத்திருக்கிறார்கள் என்பதும் ஒரு குறிப்பு.

விடை முழு எண்ணாக வந்தால் கணக்கு சரி என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். இந்தக் கணக்கில் அந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். 80 முழு எண். உங்கள் 20 முழு எண். அவனுடைய 48 முழு எண். ஆழத்தை 14 மீ என்று படித்திருந்தால் 800 நிமிடம், அதுவும் முழு எண். மங்கலான தாளில் வேகத்தின் 6-ஐ 8 என்று படித்திருந்தால் 60 நிமிடம், அது இன்னும் அழகான எண்.

அந்தக் கடைசி எண்ணை எண்ணித்தான் இன்னொரு தாளைப் பார்க்கச் சொன்னேன். நான் சொன்ன மூன்று சோதனைகளும் அலகுப் பிழையைப் பிடிக்கும், சூத்திரப் பிழையைப் பிடிக்கும், கூட்டல் பெருக்கல் பிழையைப் பிடிக்கும். 6-ஐ 8 என்று படித்த பிழையைப் பிடிக்காது. மணிக்கு 8 கி.மீ என்பதும் குழாய்த் தண்ணீருக்கு நம்பக்கூடிய வேகம்தான். ஒரு மணி நேரம் என்பதும் நம்பக்கூடிய விடைதான். 14 மீட்டரை நம் பொது அறிவு தள்ளிவிட்டது, ஏனென்றால் அது பத்து மடங்கு விலகியிருந்தது. அருகருகே உள்ள இரண்டு எண்களில் எது அச்சாகியிருக்கிறது என்று எந்தக் கணக்கும் சொல்லாது, தாள்தான் சொல்ல வேண்டும். உங்கள் படத்தில் அந்த இலக்கம் எனக்கு 6 என்றே தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் அடுத்த முறை படமெடுக்கும்போது தாளை மேசையில் தட்டையாக வைத்து, மடிப்பை விரலால் நீவிவிட்டு, விளக்கொளி பளபளக்காதபடி நேர் மேலிருந்து எடுங்கள். கணக்கின் முதல் வரியும் கடைசி வரியும் படத்துக்குள் முழுதாக இருக்க வேண்டும். “காலியான” என்ற ஒரு சொல் வெட்டுப்பட்டாலே கணக்கு மாறிவிடும்.

அந்தச் சொல்லின் கனத்தை உணர, விடையைப் பார்க்காமல் இதை மட்டும் இன்று இரவு அவனைப் போடச் சொல்லுங்கள்: அதே குழாய், அதே தொட்டி, ஆனால் தொட்டியில் ஏற்கெனவே 35 செ.மீ உயரத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. கன அளவு கண்டு கழித்துப் போட்டாலும் சரி, நிமிடத்துக்கு 1.75 செ.மீ என்று மட்டத்தை வைத்துப் போட்டாலும் சரி. இரண்டு வழியிலும் 60 நிமிடம் வர வேண்டும். வராவிட்டால் அவன் எழுதிய வரிகளை அப்படியே அனுப்புங்கள், எத்தனை மடங்கு விலகியிருக்கிறது என்று பார்ப்போம்.